மார்ச்சா, செப்டம்பரா?

அமெரிக்காவின் கான்ஸாஸ் மாநிலத்தில் கோதுமையை விதைப்பது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் வரை. ஒரு வாரம் பத்து நாளில் முளை மண்ணைப் பிளந்து வெளியே வந்துவிடும். அக்டோபர் முடிவதற்குள் மூன்று நான்கு இலை விட்டு, அடியில் தூர் கட்டவும் தொடங்கிவிடும். வெயில் இதமாக இருக்கிறது, மண்ணில் ஈரம் இருக்கிறது, செடிக்கும் தெம்பு இருக்கிறது. வளர்ந்து கதிர் விட வேண்டியதுதானே? விடாது. குட்டையான புல்லைப் போலத் தரையோடு தரையாகப் படர்ந்து உட்கார்ந்திருக்கும். நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று குளிர்காலம் முழுவதையும் அப்படியே கழித்துவிட்டு, மார்ச்சில் நிமிர்ந்து, மே மாதத்தில் பூத்து, ஜூனில் அறுவடைக்கு வரும்.

அக்டோபரில் பூத்திருந்தால் அதன் கதை முடிந்திருக்கும். இலையும் தூருமாக இருக்கிற கோதுமை மைனஸ் 11 டிகிரி செல்சியஸைக்கூடச் சில மணி நேரம் பெரிய சேதமில்லாமல் தாங்கும். அதே செடி கதிர் விட்டு நிற்கும்போது மைனஸ் 1 டிகிரி இரண்டு மணி நேரம் நீடித்தாலே மகரந்தம் செத்துக் கதிர் பதராகிவிடும். ஆகவே குளிர்காலத்துக்கு முன்பு பூக்கக் கூடாது, அது முடிந்ததும் தாமதிக்கவும் கூடாது.

இந்த இடத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. பல செடிகள் பருவத்தைத் தெரிந்துகொள்வது பகலின் நீளத்தை வைத்து. கோதுமைக்கும் அந்தத் திறன் உண்டு. நீண்ட பகலில் பூக்கும் பயிர் அது. ஆனால் செப்டம்பர் 22-ஐ ஒட்டிய ஒரு நாளையும் மார்ச் 21-ஐ ஒட்டிய ஒரு நாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் பகல் சுமார் 12 மணி நேரம். இலைக்கு விழும் வெளிச்சத்தை மட்டும் வைத்து இது குளிருக்கு முந்திய நாளா, பிந்திய நாளா என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் இடையில் நடந்தது என்ன என்பது செடிக்குத் தெரிய வேண்டும். குளிர்காலம் வந்து போனதா இல்லையா என்ற ஒரு செய்தியைச் செடி தனக்குள் பதிந்து வைத்திருக்க வேண்டும். இப்படி நீண்ட குளிரை அனுபவித்த பிறகுதான் பூக்கும் தகுதி பெறுவதைத் தாவரவியலில் தட்பப்பதனம் என்கிறார்கள்.

கான்ஸாஸின் இந்தக் கோதுமை அந்த மண்ணில் பிறந்ததல்ல. கருங்கடலின் வடகரையில் குடியிருந்த மென்னோனைட் கிறிஸ்தவர்கள் 1874-இல் ரஷ்யப் பேரரசை விட்டுக் கிளம்பி அங்கே குடியேறியபோது கூடவே கொண்டுபோன குளிர்காலக் கோதுமை அது. பெயர் டர்க்கி ரெட். கோடையின் வறட்டு வெயில் ஏறுவதற்குள் மணி முற்றிவிடும் என்பதால் அந்தச் சமவெளிக்கு அது அச்சாகப் பொருந்தியது. இதே விதையை ஏப்ரலில் விதைத்திருந்தால் என்ன ஆகும் என்பதும் விவசாயிகளுக்குத் தெரிந்தே இருந்தது. வயல் முழுக்கப் பச்சைப் பசேலென்று புல் நிற்கும், தூர் மேல் தூராகக் கட்டும், கோடை முடியும்வரை கதிர் மட்டும் வராது. மாட்டுக்கு வேண்டுமானால் ஆகும்.

ஒஹையோ மாநில வேளாண்மை வாரியத்தின் செயலாளராக இருந்த ஜான் கிளிப்பார்ட் என்பவர் 1857-இலேயே இதற்கு ஒரு மாற்று வழியை எழுதி வைத்தார். குளிர்காலக் கோதுமை விதையை ஊறவைத்து, லேசாக முளைவிட்டதும் குளிரில் போட்டு வைத்திருந்து, வசந்தத்தில் விதைத்தால் அந்த ஆண்டே கதிர் விடும் என்றார். விஷயம் சரிதான். ஆனால் ஏன் என்று அவரால் சொல்ல முடியவில்லை, அதற்கு மேல் யாரும் தோண்டவும் இல்லை.

முறையாகத் தோண்டியவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் குஸ்தாவ் காஸ்னர். முளைவிடும் விதைகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்து, வெவ்வேறு தேதிகளில் நட்டு, எது எப்போது கதிர் விடுகிறது என்று பார்த்து 1918-இல் விரிவாக வெளியிட்டார். வசந்தத்தில் விதைக்கும் ரகங்களுக்குக் குளிர் தேவையில்லை, இலையுதிர் காலத்தில் விதைக்கும் ரகங்களுக்குத் தேவை, அந்தக் குளிரை முளைக்கும் பருவத்திலேயே கொடுத்துவிடலாம் என்ற மூன்றும் அதிலிருந்து தெளிவாயின.

எவ்வளவு குளிர், எத்தனை நாள்? உறைபனி வேண்டும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அது தவறு. உறைநிலைக்குச் சற்று மேலிருந்து 10 டிகிரி வரையுள்ள வெப்பநிலைதான் கோதுமைக்குக் கணக்கில் சேரும். ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் 4 அல்லது 5 டிகிரியில் வைப்பார்கள். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டு போதும். உறைநிலைக்கு நன்றாகக் கீழே இறங்கிவிட்டால் செடி உயிரோடுதான் இருக்கும், ஆனால் அந்த நாட்கள் கணக்கில் ஏறாது. அதனால் கடுங்குளிர் நாடுகளில் கோதுமை தன் கணக்கின் பெரும்பகுதியை முடிப்பது ஜனவரியின் உறைபனியில் அல்ல. அக்டோபர் கடைசி, நவம்பர், மார்ச் தொடக்கம் போன்ற சில்லென்ற நாட்களிலும், பனிப்போர்வைக்கு அடியில் உறைநிலையை ஒட்டி நிற்கும் மண்ணிலும்தான்.

நாட்களின் எண்ணிக்கை ரகத்தைப் பொறுத்தது. சிலவற்றுக்கு மூன்று நான்கு வாரம், கடும் ரகங்களுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம். தட்பப்பதனம் ஒரே நாளில் நடந்து முடிகிற காரியம் அல்ல. இரண்டு வாரம் குளிரில் இருந்த செடி கொஞ்சம் சீக்கிரமாகவும், நான்கு வாரம் இருந்தது இன்னும் சீக்கிரமாகவும், ஆறு வாரம் இருந்தது மிகச் சீக்கிரமாகவும் பூக்கும். அதற்கு மேல் எத்தனை வாரம் வைத்தாலும் வித்தியாசம் இருக்காது. கணக்கு நிரம்பிவிட்டது என்று பொருள்.

இதை அளக்க நாட்களை எண்ணுவதைவிட நல்ல வழி இலைகளை எண்ணுவது. வெதுவெதுப்பான இடத்தில் வளரும் செடி எல்லாவற்றையும் வேகமாகச் செய்யும், குளிர்ந்த இடத்தில் வளர்வது மெதுவாகச் செய்யும். ஆகவே நாட்கணக்கு ஏமாற்றக்கூடும். ஆனால் குருத்தின் நுனி இலை உண்டாக்குவதை நிறுத்திக் கதிரை உண்டாக்கத் தொடங்கியது எப்போது என்பதை, முதன்மைத் தண்டில் கதிருக்குக் கீழே உள்ள மொத்த இலைகள் காட்டிக்கொடுத்துவிடும். கோதுமையின் நெருங்கிய உறவான ரை பயிரில் பெட்குஸ் என்ற ரகத்தை வைத்துக்கொண்டு லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஃபிரெடரிக் கிரிகரியும் ஓலிவ் பர்விஸும் 1930-களில் தொடங்கிச் செய்த ஆய்வுகள் இந்த எண்ணிக்கையில்தான் நின்றன. வசந்தகால பெட்குஸ் சுமார் 7 இலைகள் விட்டதும் கதிருக்கு மாறிவிடும். குளிர்கால பெட்குஸைக் குளிரே காட்டாமல் வளர்த்தால் 20-க்கும் மேற்பட்ட இலைகள் விட்ட பிறகுதான் மாறும். அதையே முளைப்பருவத்தில் சில வாரம் குளிரில் வைத்திருந்தால் வசந்தகால ரகத்தைப் போல 7 இலைகளோடு நின்றுவிடும்.

அந்த இருவரும் இன்னும் நுணுக்கமாகப் போனார்கள். விதையிலிருந்து முளைக்கருவை மட்டும் பெயர்த்தெடுத்து, சர்க்கரை கலந்த ஊடகத்தில் வைத்துக் குளிரூட்டினார்கள், வேலை செய்தது. தாய்ச்செடியின் கதிரிலேயே, இன்னும் முற்றாத மணிக்குள் இருக்கும் கருவைக் குளிரூட்டினார்கள். அதுவும் வேலை செய்தது. உலர்ந்த விதையைக் குளிரில் வைத்தால் பலனில்லை, அது தண்ணீர் குடித்திருக்க வேண்டும். ஆக்சிஜன் இல்லாமல் வைத்தாலும் பலனில்லை. குளிர் என்பது செடியைத் தூங்கவைக்கும் ஒன்றல்ல என்பது இதிலிருந்து தெரிந்தது. உயிருள்ள, சுவாசிக்கிற செல்கள் அந்தக் குளிரிலும் ஏதோ ஒன்றை மெல்ல மெல்லச் செய்துகொண்டிருக்கின்றன. குளிர் முடிந்த கையோடு சுமார் 35 டிகிரி வெப்பத்தில் சில நாள் வைத்தால், செய்ததெல்லாம் அழிந்து செடி பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதையும் அவர்கள் கண்டார்கள். ஆனால் இடையில் சில நாட்கள் 15 டிகிரியை ஒட்டி வைத்திருந்தால் பதிந்தது உறுதிப்பட்டுவிடும். பிறகு வெப்பத்தால் அழிக்க முடியாது.

இதே காலத்தில் சோவியத் நாட்டில் இந்த விஷயம் வேறு திசையில் போனது. 1920-களின் கடைசியில் உக்ரைனில் அடுத்தடுத்த குளிர்காலங்களில் குளிர்காலக் கோதுமை பெருமளவில் செத்துப்போயிருந்தது. அந்தச் சமயத்தில், ஊறவைத்துக் குளிரூட்டிய குளிர்கால விதையை வசந்தத்தில் விதைத்துத் தன் தந்தையின் நிலத்தில் கதிர் விடச் செய்ததாக 1929-இல் அறிவித்தார் ட்ரோஃபிம் லைசென்கோ. பத்திரிகைகள் கொண்டாடின. கூட்டுப்பண்ணைகளில் கொட்டகைகளில் விதையைக் குவித்து, நீர் தெளித்து, புரட்டிப் புரட்டிக் குளிரூட்டினார்கள். விதை பூஞ்சை பிடித்தது, அளவு மீறி முளைத்து விதைக்கும்போது ஒடிந்தது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், குளிரால் செடியில் ஏற்பட்ட மாற்றம் அதன் வாரிசுகளுக்கும் போகும், குளிர்கால ரகத்தையே இப்படி வசந்தகால ரகமாக்கிவிடலாம் என்று அவர் சாதித்தார். மறுத்த மரபியலாளர்கள் பதவி இழந்தார்கள். உலகெங்கும் அலைந்து பயிர் விதைகளைச் சேகரித்த நிக்கோலாய் வாவிலோவ் 1940-இல் கைதாகி, 1943-இல் சரத்தோவ் சிறையில் இறந்தார். குளிரூட்டினால் பூக்கும் என்பது லைசென்கோ கண்டுபிடித்ததல்ல, வாரிசுக்குப் போகும் என்பது உண்மையும் அல்ல. ஏன் போகாது என்பதற்கு மூலக்கூறு அளவில் பதில் கிடைக்க 21-ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

சாதாரண ரொட்டிக் கோதுமையில் மூன்று புல்லினங்களின் மரபுத்தொகுதிகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு மரபணுவுக்கும் மூன்று பிரதிகள். அதில் ஒன்றைத் தேடுவது பெரும் வேலை. அதனால் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஹோர்கே டுப்கோவ்ஸ்கியின் குழு ஐன்கார்ன் என்ற பழங்கோதுமையை எடுத்துக்கொண்டது. அதில் ஒரே ஒரு தொகுதிதான். குளிர் தேவைப்படும் ஐன்கார்னையும் தேவைப்படாத ஐன்கார்னையும் கலந்து, ஆயிரக்கணக்கான சந்ததிகளில் எது குளிரில்லாமல் பூக்கிறது, அதில் குரோமோசோமின் எந்தத் துண்டு வந்திருக்கிறது என்று ஒப்பிட்டுக்கொண்டே போய், 2003-இல் ஒரு மரபணுவில் வந்து நின்றார்கள். அதன் பெயர் வெர்ன்1. அடுத்த ஆண்டு வெர்ன்2 கிடைத்தது, 2006-இல் வெர்ன்3.

மூன்றும் சேர்ந்து செய்யும் வேலையைக் கடைசியிலிருந்து சொன்னால் எளிதாகப் புரியும். வெர்ன்3 இலையில் ஒரு சிறிய புரதத்தை உண்டாக்குகிறது. அது தண்டு வழியாகக் குருத்தின் நுனிக்குப் பயணம் செய்து, 'இனி இலை வேண்டாம், கதிரைத் தொடங்கு' என்ற கட்டளையைச் சேர்ப்பிக்கிறது. பகல் நீளும்போது வெர்ன்3 வேலை செய்யப் பார்க்கும். அதை வேலை செய்ய விடாமல் தடுப்பது வெர்ன்2. இந்தத் தடையாளும் நீண்ட பகலில்தான் மும்முரமாக இருக்கும். ஆகவே குளிர் காணாத கோதுமையில், பகல் எவ்வளவு நீண்டாலும், கட்டளையும் தடையும் ஒன்றாகவே ஏறுகின்றன, பூ வராது. ஏப்ரலில் விதைத்த டர்க்கி ரெட் கோடை முழுக்கப் புல்லாகவே நின்றதற்குக் காரணம் இதுதான்.

தடையை அகற்றுவது வெர்ன்1. குளிருக்கு முன் அது கிட்டத்தட்ட ஊமையாக இருக்கிறது. குளிர் ஏற ஏற, வாரத்துக்கு வாரம், அதன் குரல் உயர்கிறது. போதிய அளவு உயர்ந்ததும் வெர்ன்2-ஐ அடக்குகிறது. அப்புறம் வசந்தம் வந்து பகல் நீளும்போது வெர்ன்3-ஐத் தடுக்க ஆளில்லை. கான்ஸாஸ் வயலில் மார்ச்சுக்கும் செப்டம்பருக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான்: மார்ச்சில் வெர்ன்1 விழித்திருக்கிறது, செப்டம்பரில் இல்லை.

இந்தச் சங்கிலி உண்மைதானா என்று சோதித்த விதம் எனக்குப் பிடித்தமானது. ஜாகர் என்று ஒரு குளிர்காலக் கோதுமை உண்டு. கான்ஸாஸ் அரசு ஆய்வு நிலையம் 1994-இல் வெளியிட்டது. அதில் வெர்ன்2-இன் செயலை மரபணுப் பொறியியலால் குறைத்துப் பார்த்தார்கள். குளிர் காட்டாமலே அது ஒரு மாதத்துக்கும் மேலாக முன்னதாகப் பூத்தது. தடையாள் பலவீனமானால் அவனை அகற்றக் குளிரும் அவ்வளவாகத் தேவையில்லை. பிறகு 2012-இல் இதன் மறுபக்கம் வந்தது. வெர்ன்1 முற்றிலும் செயலிழந்த கோதுமைகளை உண்டாக்கினார்கள். பூக்கவே பூக்காது என்று எதிர்பார்க்கத் தோன்றும். மிகத் தாமதமாக, ஆனால் பூத்தன. பூப்பதற்கு வெர்ன்1 இன்றியமையாதது அல்ல, இலையில் வெர்ன்2-ஐ அடக்குவதே அதன் முக்கிய வேலை என்பது இதனால் உறுதிப்பட்டது.

சரி, குளிர் எப்படி வெர்ன்1-ஐ எழுப்புகிறது? செல்லுக்குள் டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் என்ற புரதங்களின்மீது சுற்றப்பட்டிருக்கிறது. அந்தப் புரதங்களில் ஒட்டும் சிறு வேதிக் குறிகளைப் பொறுத்து, ஒரு மரபணு வாசிக்கப்படும் அல்லது வாசிக்கப்படாமல் மூடிக்கிடக்கும். குளிருக்கு முந்திய வெர்ன்1 பரணில் ஏற்றிவைத்த பாத்திரம் மாதிரி. வீட்டில் இருக்கிறது, புழக்கத்தில் இல்லை. அதன்மீது மூடிவைக்கும் குறிகள் நிறைந்திருக்கின்றன. குளிர் நீள நீள அவை குறைந்து, திறந்துவைக்கும் குறிகள் ஏறுகின்றன. ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் பார்லியில் இதை 2009-இல் காட்டினார்கள். செல் இரண்டாகப் பிரியும்போது இந்தக் குறிகள் இரு செல்களுக்கும் போகின்றன. அதனால்தான் நவம்பரில் குருத்து நுனியின் சில செல்கள் அனுபவித்த குளிரை, மார்ச்சில் அவற்றிலிருந்து பிறந்த பல்லாயிரம் செல்கள், ஒருநாளும் அந்தக் குளிரைக் காணாமலே, நினைவில் வைத்திருக்கின்றன.

பெய்ஜிங்கில் நடந்த ஆய்வு ஒன்று இன்னொரு படியையும் காட்டியது. வெர்ன்1-இலிருந்து செய்தி நகலெடுக்கப்பட்டாலும், ஜி.ஆர்.பி.2 என்ற புரதம் அந்த நகலைப் பிடித்துக்கொண்டு முழுமையடைய விடுவதில்லை. குளிரில் பெருகும் வேறொரு புரதம் வந்து அதை விலக்கிவிடுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தப் பிடிமானம் கடைசியில் இந்தியாவில் வேலைக்கு வரும்.

இனி லைசென்கோவுக்கு உரிய பதில். செல்லிலிருந்து செல்லுக்குப் போகும் இந்தக் குறிகள் செடியிலிருந்து விதைக்குப் போவதில்லை. விதை உண்டாகும் வழியில் வெர்ன்1 மறுபடியும் மூடப்பட்டுவிடுகிறது. டி.என்.ஏ.வின் எழுத்துகள் எதுவும் மாறவில்லை, மாறியது அதன்மேல் இருந்த குறிகள் மட்டுமே. அவையும் தலைமுறைக்குத் தலைமுறை துடைக்கப்படுகின்றன. எத்தனை தலைமுறை குளிரூட்டி விதைத்தாலும், அடுத்த விதைக்கு மறுபடி முதலிலிருந்து குளிர் வேண்டும். செடியின் நோக்கில் பார்த்தால் இது அவசியமும்கூட. ஜூனில் முற்றும் விதை தாயின் குளிர்கால நினைவோடு மண்ணில் விழுந்தால் செப்டம்பரில் முளைத்து அக்டோபரில் கதிருக்குத் தயாராகி, நவம்பரில் செத்துவிடும்.

கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்ஸிஸ் என்ற ஆய்வுக்கூடச் செடியும் குளிருக்குப் பிறகே பூக்கும். ஆனால் அங்கே குளிர் செய்வது ஒரு தடை மரபணுவை நேரடியாக மூடிவைப்பது. கோதுமையில் குளிர் ஒன்றைத் திறக்கிறது, அங்கே ஒன்றை மூடுகிறது, மரபணுக்களும் வேறு. ஒரே தேவைக்கு இரு குடும்பங்கள் தனித்தனியே விடை கண்டிருக்கின்றன.

ஆய்வுக்கூடத்தில் இவ்வளவு அழகாக இருக்கும் இந்த ஏற்பாடு வயலில் எங்கே இடறுகிறது? குளிர்க்கணக்கு நிரம்பியதும் செடி இன்னொன்றையும் விட்டுக்கொடுக்கிறது: உறைபனியைத் தாங்கும் வலுவை. வெர்ன்1 ஓங்கிய செடியில் பனியைத் தாங்க உதவும் மரபணுக்கள் அடங்கத் தொடங்கும். மறுபடி குளிர் வந்தால் முன்போலத் தன்னை இறுக்கிக்கொள்ள அதனால் முடியாது. அதோடு, குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் பத்திரமாக இருந்த குருத்து நுனி, கணு விடும் பருவத்தில் தண்டுக்குள் மேலேறி வெளிக்காற்றின் உயரத்துக்கு வந்துவிடும். அப்போது மைனஸ் 4 டிகிரி இரண்டு மணி நேரம் போதும், அது சாக.

2007-இல் கான்ஸாஸில் இதுதான் நடந்தது. மார்ச் மாதம் வழக்கத்துக்கு மாறாக வெதுவெதுப்பாக இருந்தது. குளிர்க்கணக்கை முன்பே முடித்துவிட்டிருந்த கோதுமை வழக்கத்தைவிட முந்திக் கணு விட்டு நிமிர்ந்தது. அன்றைக்குப் பரவலாக விதைக்கப்பட்டிருந்த ரகங்களில் ஒன்று நாம் மேலே பார்த்த அதே ஜாகர். குளிர்த்தேவை குறைவு, வசந்தத்தில் முந்தி எழும், அதனால் வெயிலுக்கு முன் மணி முற்றும் என்பதுதான் அதன் பெருமை. ஏப்ரல் முதல் வாரம், ஈஸ்டரை ஒட்டி, கடும் உறைபனி பல இரவுகள் தொடர்ந்து இறங்கியது. மாநிலத்தின் மத்தியிலும் தென்பகுதியிலும் வயல்கள் பெரும் சேதம் கண்டன. ஜாகரின் பெருமையே அந்த ஆண்டு அதற்குப் பகையானது.

இப்படிப்பட்ட பனிக்குப் பிறகு வயலைப் பார்த்தால் உடனே எதுவும் தெரியாது. இலைநுனி கருகியிருக்கும், அது பெரிய விஷயமில்லை. விவசாயிகள் ஒரு வாரம் பொறுத்து, சில தண்டுகளை நீளவாக்கில் கூர்மையான கத்தியால் பிளந்து, கணுவுக்கு மேலே உள்ள இளங்கதிரைப் பார்ப்பார்கள். விறைப்பாக, பளபளப்பான வெண்பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. மங்கிப் பழுப்பேறித் தொளதொளவென்று இருந்தால் அந்தத் தண்டு போயிற்று. நடுக்குருத்து இலை மட்டும் மஞ்சளாகி, சுற்றியுள்ளவை பச்சையாக நிற்பதும் அதே அடையாளம். பக்கத் தூர்கள் பிழைத்திருந்தால் ஓரளவு மகசூல் மிஞ்சும்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. குளிர்காலமே போதிய அளவு குளிராமல் போனால் கணக்கு நிரம்பாது. பாதி நிரம்பிய நிலையில் நடுவே வெப்பம் புகுந்தாலும் சிக்கல்தான். 24 டிகிரி அளவிலான வெப்பத்தில், அடங்கியிருந்த வெர்ன்2 மறுபடி தலைதூக்கிப் பூப்பைத் தள்ளிப்போடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிரிட்டனில் விவசாயிகளுக்கு வெளியிடும் பரிந்துரை ரகப் பட்டியலில் ஒவ்வொரு குளிர்காலக் கோதுமைக்கும் 'இதற்குப் பிறகு விதைக்க வேண்டாம்' என்ற கடைசித் தேதி ஒன்று இருக்கும். மழையால் விதைப்பு தள்ளிப்போய் ஜனவரி கடைசி, பிப்ரவரி என்று ஆகிவிட்டால், மீதமுள்ள குளிர் அந்த ரகத்துக்குப் போதுமா என்பதைச் சொல்லும் தேதி அது. கதிர் ஒரே சீராக வராமல், ஒரு தூரில் பூவும் மறு தூரில் புல்லுமாக நிற்கிற வயல், கணக்கு நிரம்பாத வயல்.

அப்படியானால் குளிரே இல்லாத இடங்களில் கோதுமை எப்படி விளைகிறது? பஞ்சாபிலும் உத்தரப் பிரதேசத்திலும் நவம்பரில் விதைத்து ஏப்ரலில் அறுப்பவை குளிரை எதிர்பார்க்காத வசந்தகால வகைகள். அவற்றில் வெர்ன்1-இன் மூன்று பிரதிகளில் ஏதாவது ஒன்றாவது மூட முடியாதபடி பழுதாகியிருக்கும். எங்கோ சில எழுத்துகள் விடுபட்டிருக்கும், எங்கோ ஒரு துண்டு நுழைந்திருக்கும். ஐன்கார்னில் டுப்கோவ்ஸ்கி குழு கண்டது சுமார் 20 எழுத்துகள் காணாமற்போன இடம்தான். மூன்றில் ஒன்று திறந்திருந்தாலே போதும், அது மற்ற வேலைகளைப் பார்த்துக்கொள்ளும்.

அதனால் குளிர்கால ரகத்தையும் வசந்தகால ரகத்தையும் கலந்தால் முதல் தலைமுறை பெரும்பாலும் குளிரில்லாமலே பூக்கும். கலப்பதுதான் கஷ்டம், இரண்டும் ஒரே வாரத்தில் பூக்க வேண்டுமே! குளிர்காலத் தாயைச் சில வாரம் முன்னதாகவே குளிரூட்டி, பூக்கும் நாளைப் பொருத்திக்கொள்ள வேண்டும். மெக்சிகோவின் சிம்மிட் நிலையம் 1970-களில் இந்த வழியில் சோவியத் குளிர்காலக் கோதுமையான காவ்காஸை வசந்தகாலக் கோதுமைகளோடு கலந்தது. அந்தக் கலப்பில் பிறந்த வீரி வரிசையிலிருந்துதான் பாகிஸ்தானின் பாக்-81 வந்தது. அந்தக் கலப்பில் இந்தியாவின் கல்யாண்சோனாவும் ஒரு பெற்றோர்.

நம் துணைக்கண்டத்துக்கே உரிய ஒரு பழைய வழியும் உண்டு. சிந்துவெளியின் பழைய ஊர்களில் கிடைத்த கோதுமைகளில் ஒன்று உருண்டை மணியுள்ள குட்டைக் கோதுமை. தாவரவியலார் ஸ்ஃபேரோகாக்கம் என்பார்கள். அதற்கும் குளிர் தேவையில்லை. ஆனால் வழக்கமான மூன்று பிரதிகளிலும் பழுது எதுவும் காணோம். 2015-இல் டுப்கோவ்ஸ்கியின் குழு விடை கண்டது. எப்போதோ ஒரு காலத்தில், 5ஏ குரோமோசோமிலிருந்து சுமார் 2,90,000 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு நகலாகி, 5டி குரோமோசோமில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குள் வெர்ன்1-இன் கூடுதல் பிரதி ஒன்று. பெய்ஜிங் ஆய்வில் பார்த்த ஜி.ஆர்.பி.2 வந்து பிடிக்குமே, அந்த இடத்தில் இந்தப் பிரதியின் எழுத்துகள் மாறியிருக்கின்றன. பிடிமானம் நழுவிவிட்டது, குளிர் வரும்வரை காத்திருக்க அதற்குக் காரணமில்லை. மூன்று பிரதிகளையும் ஒழுங்காக மூடிவைத்துக்கொண்டு, நான்காவதைத் திறந்துவைத்துப் பூக்கும் கோதுமை இது.